பில்லில் இரண்டரை மைக்ரான்

என் தங்கையின் கைப்பையை நகைக் கடைக்கார அம்மா கண்ணாடி மேசைமேல் கவிழ்த்துக் கொட்டியபோது நான் அங்கே இல்லை. மறைமலைநகரில், தொழிற்சாலையின் தரச்சோதனை அறையில் உட்கார்ந்துகொண்டு, அரிசியைவிடச் சிறிய ஒரு டெர்மினலின் தங்கப் பூச்சை அளந்துகொண்டிருந்தேன். கார்களுக்குள் ஓடும் ஒயர்களின் நுனியில் செருகுகிற சின்னஞ்சிறு உலோகத் துண்டுகளைத்தான் டெர்மினல் என்போம். அவற்றின் பூச்சு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. பதினோரு வருடமாக அதைச் செய்கிறேன். அன்று மாலை கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்குள் நுழைந்தபோது தங்கை சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். எங்கள் அம்மாதான் நடந்ததைச் சொன்னாள்.

மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயிலுக்குப் போகிற சாலையில் இருந்த ஒரு வெள்ளி நகைக் கடையில் என் தங்கை மூன்று வருடம் வேலை செய்தாள். கடைக்காரர் சென்னையிலிருந்து தினமும் காரில் வருகிற, ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மா. தங்கை அவரை மேடம் என்பாள். கடையில் விற்றதெல்லாம் வெள்ளிமேல் தங்கம் ஏற்றிய நகைகள். மோதிரம், கம்மல், மெல்லிய சங்கிலி. வெளிநாட்டுக்காரர்களும் வார இறுதியில் வரும் சென்னைக்காரர்களும் வாங்குவார்கள். ‘வெர்மெய்’ என்ற பிரெஞ்சுச் சொல்லை என் தங்கை அங்கேதான் கற்றுக்கொண்டாள். உள்ளே தொண்ணூற்றிரண்டரை சதவீத வெள்ளி இருக்க வேண்டும், அதன்மேல் தங்கம் குறைந்தது இரண்டரை மைக்ரான் கனம் இருக்க வேண்டும், அப்போதுதான் அந்தப் பெயர் செல்லும், அதற்குக் கீழே என்றால் வெறும் முலாம் என்று வாடிக்கையாளர்களுக்கு ஆங்கிலத்தில் அழகாகச் சொல்வாள். எனக்கும் ஒருநாள் சொல்லிக் காட்டினாள். மைக்ரானைப் பற்றி எனக்கே பாடம் எடுக்கிறாயா என்று சிரித்தேன். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான்; நான் தினமும் அளப்பதே அதைத்தான்.

படூரில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கும் ஒரு பெண் அங்கே மோதிரம் வாங்கியிருந்தார். இரண்டே மாதத்தில் உள்ளங்கைப் பக்கம் தங்கம் தேய்ந்து வெள்ளி தெரிந்துவிட்டது. அதே வாரத்தில் வேறொருவர் சங்கிலியைக் கொண்டுவந்தார். கொக்கிக்குப் பக்கத்தில் பழுப்புப் புள்ளி புள்ளியாகப் பூத்திருந்தது. படூர்ப் பெண் கடையில் நின்று சத்தம் போட்டார். சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். மேடம் மோதிரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது எங்க பீஸே இல்ல. எங்க பீஸ் இப்படி ஆகவே ஆகாது” என்றார். பிறகு என் தங்கை பக்கம் திரும்பினார். “ஸ்டாக் உன் கையிலதான இருக்கு? நல்லத எடுத்துட்டு டூப்ளிகேட்ட வெச்சிட்டியா?”

“இல்ல மேடம். நான் இன்னாத்துக்கு மேடம்…”

“உங்க ஆளுங்கள கடைக்குள்ள விட்டதே என் தப்பு.”

அப்போதுதான் பையைக் கொட்டினார். சோற்று டப்பா, பஸ் பாஸ், பாதி தின்ற பிஸ்கட் பாக்கெட், நாப்கின். பக்கத்துச் சிற்பக் கூடத்திலிருந்து கல் கொத்துகிற ஆட்கள் வாசலில் வந்து நின்று பார்த்தார்களாம். அவர்கள் முன்னால் நாப்கினைப் பொறுக்கிப் பைக்குள் போட்டதைத்தான் என் தங்கை திரும்பத் திரும்பச் சொன்னாள். திருடி என்று சொன்னதைவிட அதைத்தான்.

அன்று சாயங்காலமே அந்த ஊர்க் கடைக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் அவள் படம் வந்தது. பொங்கலன்று கடையில் எல்லோருமாக எடுத்த படத்திலிருந்து அவள் முகத்தை மட்டும் வெட்டிப் போட்டிருந்தார்கள். ‘இந்தப் பெண்ணை யாரும் வேலைக்குச் சேர்க்க வேண்டாம். கை சுத்தமில்லை.’ அதன் பிறகு அவளுக்கு மாமல்லபுரத்தில் ஒரு கடையிலும் வேலை கிடைக்கவில்லை. கோவளம் வரைக்கும் போய்க் கேட்டாள். படத்தைப் பார்த்தவர்கள் அங்கேயும் இருந்தார்கள்.

“விடும்மா. பெரிய எடத்து சமாச்சாரம்” என்றார் அப்பா என்னிடம். அவர் இளவயதில் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர். இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் வாட்ச்மேன். வாழ்நாள் முழுக்கப் பல விஷயங்களை விட்டவர். நான் விடுகிற ஆள் இல்லை. அந்த அம்மா பையைக் கொட்டியதுபோல அவரையும் ஊர் பார்க்கக் கொட்டிக் காட்ட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். சாப்பிடும்போதும் பஸ்ஸில் போகும்போதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி நினைப்பது சுகமாகவே இருந்தது.

எனக்குத் தெரிந்த ஒரே வித்தை அளப்பது. எங்கள் அறையில் ஒரு எக்ஸ்ரே கருவி இருக்கிறது. பொருளைத் தட்டில் வைத்து மூடியைச் சாத்தினால், அரை நிமிடத்தில் மேல்பூச்சு எவ்வளவு கனம் என்று சொல்லிவிடும். கீறவோ உரசவோ தேவையில்லை. எங்கள் டெர்மினலில் தங்கம் முக்கால் மைக்ரான்தான். அடியில் நிக்கல் இருப்பதால் தாங்கும். கையில் போடுகிற மோதிரம் அப்படியல்ல. சோப்பு, வியர்வை, வண்டியின் ஹேண்டில்பார், கடல் மணல் என்று நாள் முழுக்க உரசிக்கொண்டே இருக்கும். பூச்சு மெல்லியதாக இருந்தால் கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைய இருக்கும். அவற்றின் வழியாகக் காற்று வெள்ளியைத் தொட்டுக் கறுக்க வைக்கும், கறுப்பு மேலே ஊர்ந்து வரும். படூர் மோதிரமும் பழுப்புப் புள்ளிச் சங்கிலியும் என்ன ஆயின என்று தங்கை சொன்னபோதே எனக்கு முக்கால்வாசி புரிந்துவிட்டது. மிச்சத்துக்கு எண் வேண்டியிருந்தது.

எங்கள் கருவி நிக்கல்மேல் உள்ள தங்கத்துக்கு அமைத்தது. வெள்ளிமேல் உள்ள தங்கத்தை அளக்க, கனம் முன்பே தெரிந்த வேறு அளவுத் தகடுகளை வைத்து அதை அமைக்க வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை கருவியைச் சரிபார்க்க ஒரு சர்வீஸ் இன்ஜினியர் வருவார். அவர் பெட்டியில் எல்லாத் தகடும் இருக்கும். அவர் வரும்வரை காத்திருந்தேன். அதற்குள் பொருள்களைச் சேர்த்தேன். தங்கையிடம் படூர்ப் பெண்ணின் போன் எண் இருந்தது. போய்க் கேட்டேன். “குப்பைல போட இருந்தேன், எடுத்துக்கோங்க” என்று மோதிரத்தைக் கொடுத்தார். என்னோடு வேலை செய்யும் தோழி ஒரு ஞாயிற்றுக்கிழமை சுற்றுலாக்காரிபோல அந்தக் கடைக்குப் போய் இரண்டு மோதிரமும் ஒரு பதக்கமும் வாங்கி வந்தாள். தங்கையை மேடம் வேலையை விட்டு நிறுத்தி ஐந்து வாரம் ஆகியிருந்தது. பில்லில் தேதி இருந்தது. ‘வெர்மெய், 2.5 மைக்ரான்’ என்று அச்சிட்டிருந்தது. ஒரு மோதிரத்தைக் கடை உறையிலிருந்து பிரிக்கவே இல்லை. கடைசியாக, வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் பொங்கலுக்கு மேடமே தங்கைக்குக் கொடுத்திருந்த கம்மல். அதைத் தினமும் போட்டுக்கொண்டிருந்தாள். இப்போது கழற்றி எறிந்திருந்தாள்.

மேனேஜரிடம் நடந்ததைச் சொல்லி அனுமதி கேட்டேன். “லஞ்ச் டைம்ல பாத்துக்கோ. கம்பெனி பேர் போட்டு எந்தப் பேப்பரும் வெளிய போகக் கூடாது” என்றார்.

சர்வீஸ் இன்ஜினியர் தகடுகளை வைத்துக் கருவியை அமைத்துக் கொடுத்தார். முதலில் கம்மலை வைத்தேன். 2.6. இரண்டு வருடத்துக்குமேல் தினமும் போட்ட கம்மல்! அடுத்து படூர் மோதிரம், தேயாத மேல்பக்கத்தில். 0.19. தோழி வாங்கி வந்த மோதிரம் 0.22. பதக்கம் 0.24. ஒவ்வொன்றையும் மூன்று இடத்தில் அளந்தேன். பெரிய மாற்றமில்லை.

“பத்துல ஒரு பங்குகூட இல்லியேங்க” என்றார் இன்ஜினியர்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. தங்கை நிரபராதி என்று தெரிந்த மகிழ்ச்சி என்று சொல்ல ஆசைதான். அவள் நிரபராதி என்பது எனக்கு எப்போதும் தெரியும். அந்த அம்மாவின் கழுத்து என் கைக்கு எட்டிவிட்டது. அந்தச் சிலிர்ப்புதான் அது.

கம்பெனி பெயரில் காகிதம் கிடைக்காது என்பதால், உறை பிரிக்காத மோதிரத்தைச் சென்னையில் ஒரு சோதனைக் கூடத்தில் கொடுத்தேன். அவர்களே உறையைப் பிரித்தார்கள். 0.21 என்று முத்திரை போட்ட அறிக்கை வந்தது.

ஆனால் மேடம் தப்பிக்க ஒரு வழி இருந்தது. பூச்சு போடுகிறவர் ஏமாற்றிவிட்டார் என்று சொல்லிவிடலாம். அந்த வழியையும் அடைக்க நினைத்தேன். நகைகள் செங்கல்பட்டில், மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கும் பட்டறைக்குத்தான் போகும் என்று தங்கை சொன்னாள். அவளே பலமுறை பார்சலைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். பட்டறைக்காரர் நாற்பது வயதுள்ள ஒரு பாய். நான் போனபோது ஒரு தங்கக் கரைசல் தொட்டியில் செப்புக் கம்பியில் கோத்த மோதிரங்களைத் தொங்கவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரென்று சொன்னதும் முகம் மாறியது.

“அந்தப் பொண்ணா? அது ஒரு கம்மல் கொறஞ்சாகூட போன் போட்டு கேக்குமே. அதப் போயி…” என்று நிறுத்தினார்.

நான் எண்களைச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை.

“ம்மா, தொட்டிக்குத் தெரிஞ்சது டைமும் கரண்ட்டும்தான். எட்டு நிமிஷம் உட்டா ரெண்டரை ஏறும். முக்கா நிமிஷத்துல எடுத்தா உங்க மிஷின் காட்டுற இருவது பாயிண்ட்டு. ரெண்டும் வெளிய வரும்போது ஒரே கலரு. நானே கண்ணால பாத்து சொல்ல முடியாது. தராசுல வெச்சாத்தான் தெரியும்.”

“முக்கால் நிமிஷம்னு யாரு சொன்னது பாய்?”

“அவங்கதான். ஒண்ணரை வருஷமாச்சி. மொத மொத சொல்லும்போது, பில்லுல வேற பேரு போடுங்க மேடம், இது வெர்மெய் இல்லன்னு சொன்னேன். பில்லு என் வேல, தொட்டி உன் வேலைன்னாங்க.”

“இத வெளிய சொல்லுவீங்களா?”

மோதிரங்களை எடுத்துத் தண்ணீரில் அலசினார். பிறகு சொன்னார். “போன வாரம் ஓட்டல்லேர்ந்து ஒரு மேனேஜரம்மா போன் பண்ணாங்க. கடைல ரெண்டு பீஸ் கருத்துப் போச்சாம். பூச்சு போட்ட ஆளு ஏமாத்திட்டாருன்னு மேடம் அவங்ககிட்ட சொல்லிகீறாங்க. பதினெட்டு வருஷமா இந்தத் தொட்டிகிட்ட நிக்கிறேன். என் பேர இன்னொருத்தன் கெடுத்தா உட்டுடுவனா?” போனை எடுத்துத் தேடி, ஒரு குரல் பதிவை எனக்கு அனுப்பினார்.

மேடத்தின் குரல். ‘பாய், இனிமே எல்லா லாட்டுக்கும் லேசா போதும். கலர் வந்ததும் எடுத்துடுங்க. தங்கம் விக்கிற விலைக்கு இதுங்களுக்கு எட்டு நிமிஷம் ஓவர்.’

பட்டறையிலிருந்து வெளியே வந்து, சந்து முனையிலேயே நின்று அதை நான்கு தடவை கேட்டேன்.

அன்றைக்கே அந்தக் குழுவில் போட்டிருக்கலாம். அறிக்கை இருந்தது, பில் இருந்தது, குரல் இருந்தது. ஆனால் போனில் வருகிற செய்தியை ஆட்கள் விரலால் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள். எனக்கு அந்த அம்மாவின் முகம் வேண்டும். பாய் சொன்ன ஓட்டல், கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருந்த ஒரு பெரிய விடுதி. மேடத்தின் நகைகள் பாதிக்குமேல் அங்கிருந்த கடையில்தான் விற்றன. அங்கே புல்வெளியில் ஒரு ஞாயிறு கண்காட்சி வைக்கப்போகிறார்கள், மேடமும் கடை போடுகிறார் என்று தோழி கண்டுபிடித்துச் சொன்னாள். ஏழு வாரம் இருந்தது. காத்திருந்தேன். இடையில் தங்கை இரண்டு முறை கேட்டாள், “ரிசல்ட் வந்துச்சாக்கா?” இன்னும் வரவில்லை என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நல்ல பட்டுப் புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு தோழியோடு போனேன். வெயில் ஏறும் முன்பே கூட்டம் இருந்தது. மேடம் வெள்ளைத் துணி விரித்த மேசைக்குப் பின்னால் நின்றார். என்னை அவர் பார்த்ததே இல்லை. விடுதிக் கடையின் மேனேஜரம்மா, சாம்பல் நிறப் புடவை, பக்கத்தில் வந்து நிற்கும்வரை மோதிரங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். பிறகு கேட்டேன்.

“வெர்மெய்யின்னா இன்னா மேடம்?”

என் பேச்சைக் கேட்டதும், குழந்தைக்குச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார். “உள்ள வெள்ளி, மேல திக்கா தங்கம். சாதா முலாம் மாதிரி கிடையாது. தினம் போட்டாலும் ரெண்டு மூணு வருஷம் நிக்கும்.”

“எவ்ளோ திக்கு?”

“மினிமம் ரெண்டரை மைக்ரான்.”

“கொஞ்சம் சத்தமா சொல்லுங்க மேடம், கேக்கல.”

சத்தமாகவே சொன்னார். நான்கைந்து பேர் திரும்பினார்கள். நான் பில்லை, அறிக்கையை, சோதனைக் கூடத்தின் முத்திரை போட்ட உறையை ஒவ்வொன்றாக வெள்ளைத் துணிமேல் வைத்தேன். மேனேஜரம்மா குனிந்து படித்தார்.

“இது யாரு பண்ண வேல? யாரு நீ?” என்றார் மேடம்.

“நீங்க பையக் கொட்டுனீங்களே, அந்தப் பொண்ணோட அக்கா.”

“அப்ப அவ மாத்தி வெச்ச பீஸா இருக்கும்.”

“அவள நீங்க தொரத்தி அஞ்சு வாரம் கழிச்சி வாங்குனது. பில்லுல தேதி கீது, பாருங்க.”

மேடம் பார்த்தார். உதட்டைக் கடித்துக்கொண்டார். பிறகு நான் எதிர்பார்த்த வழியில் திரும்பினார். “அந்தப் பட்டறைக்காரன் என்னையும் ஏமாத்திட்டான். இவங்ககிட்ட ஏற்கெனவே சொல்லியிருக்கேன்” என்று மேனேஜரம்மாவைப் பார்த்தார்.

நான் போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டிக் குரலை ஓடவிட்டேன். ‘கலர் வந்ததும் எடுத்துடுங்க.’ அவருடைய சொந்தக் குரல் அந்தப் புல்வெளியில் கேட்டது. இரண்டாவது முறையும் ஓடவிட்டேன். தேவையே இல்லை. இருந்தும் ஓடவிட்டேன்.

மேனேஜரம்மா மேசையிலிருந்து மூன்று மோதிரங்களை எடுத்து ஓர் உறையில் போட்டு ஒட்டினார். “மேல கையெழுத்துப் போடுங்க. நாங்களும் டெஸ்ட் பண்றோம். ரிப்போர்ட் வர்ற வரைக்கும் ஸ்டால மூடிடுங்க” என்றார். குரலை உயர்த்தவே இல்லை.

மேடம் கையெழுத்துப் போட்டார். பெட்டிகளை அடுக்கத் தொடங்கினார். ஒரு தட்டு சரிந்து கம்மல்கள் புல்லில் விழுந்தன. யாரும் குனியவில்லை. நான் அத்தோடு போயிருக்கலாம்.

“மேடம், உங்க பையக் கொட்டுங்க. இன்னா கீதுன்னு பாக்கலாம்” என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“கொட்டுங்க. எல்லாரும் பாக்கட்டும்.”

அந்த அம்மாவின் கை உண்மையிலேயே தோளில் தொங்கிய பையின் ஜிப்புக்குப் போனது. பாதி திறந்தது. கண்ணில் தண்ணீர் நின்றது. மேனேஜரம்மாதான் என் முழங்கையைத் தொட்டு, “போதும்மா” என்றார். எனக்குப் போதவில்லை. ஆனாலும் நகர்ந்தேன். தோழி எல்லாவற்றையும் போனில் வீடியோ எடுத்திருந்தாள்.

குழுவில் மேடம் மன்னிப்புக் கேட்டு எழுத வேண்டும், இல்லையென்றால் வீடியோ வெளியே போகும் என்று தோழி மூலம் அவருக்குச் சொல்லி அனுப்பினேன். அன்று மாலை எழுதினார். ‘அந்தப் பெண்மேல் எந்தத் தவறும் இல்லை. நான் சொன்னது தவறு.’ இரண்டு வரி. நான் அதோடும் நிறுத்தவில்லை. படூர்ப் பெண்ணிடம் அறிக்கையின் நகலைக் கொடுத்தேன். அவர் தனக்குத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினார். அடுத்த சனிக்கிழமை கடை வாசலில் நகைகளைத் திருப்பிக் கொடுக்க ஆட்கள் நின்றார்களாம். விடுதி மேடத்திடம் நகை வாங்குவதை நிறுத்திவிட்டது. மூன்று மாதத்தில் கடை ஷட்டரில் ‘வாடகைக்கு’ என்று அட்டை தொங்கியது. அதைப் பார்ப்பதற்கென்றே ஒருநாள் லீவு போட்டுவிட்டு மாமல்லபுரம் போய் வந்தேன். எதிரில் நின்று இளநீர் குடித்தேன். இனித்தது.

நடுவில் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். கண்காட்சியன்று வீட்டுக்கு வந்ததும் தங்கையை உட்கார வைத்து வீடியோவைக் காட்டினேன். அவள் அழுவாள், என்னைக் கட்டிக்கொள்வாள் என்று வழியெல்லாம் நினைத்து வந்திருந்தேன். அவள் அசையாமல் பார்த்தாள். பை வருகிற இடத்தில் கண்ணை மூடிக்கொண்டாள். முடிந்ததும் சோதனைக் கூடத்து அறிக்கையைக் கேட்டு வாங்கினாள். மேல் மூலையில் விரலை வைத்தாள்.

“தேதி இன்னாக்கா போட்டுகீது?”

விரலை எடுக்காமல் அவளே சொன்னாள்.

“ரெண்டு மாசம் ஆவப்போவுது. இத கைல வெச்சினு வரலன்னு சொன்னியா?”

“சும்மா குரூப்புல போட்டா அந்தம்மா துடைச்சி போட்டுட்டு பூடும்டீ. நாலு பேர் முன்னாடி…”

“இந்த ரெண்டு மாசமும் நான் கடைத்தெருவுக்குக்கூட போவல. அம்மா கேட்டா தலவலின்னேன். உனக்குத் தெரியும். நீ பாத்துகினுதான் இருந்த.” அறிக்கையை மடித்து என் மடியில் வைத்தாள். “என் பேரக் காப்பாத்தணும்னு பண்ணியா, அந்தம்மா மூஞ்சியப் பாக்கணும்னு பண்ணியா?”

அவளுக்காகத்தான் என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. சொல்லும்போது எனக்கே என் குரல் பிடிக்கவில்லை.

அவள் என்னோடு சண்டை போடவில்லை. பேசாமலும் இருக்கவில்லை. சோறு போட்டால் சாப்பிடுவாள், கேட்டால் பதில் சொல்வாள். ஆனால் தானாக எதையும் என்னிடம் சொல்வது நின்றுபோனது. கேளம்பாக்கத்தில் ஒரு கண் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் வேலை கிடைத்ததை அம்மாவிடம்தான் முதலில் சொன்னாள். நான் அதை மூன்று வாரம் கழித்து, புது பஸ் பாஸைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

அந்த ஏழு வாரத்தை இப்போது எண்ணிப் பார்க்கிறேன். அவள் வீட்டுக்குள் அடைந்து கிடந்த ஒவ்வொரு நாளும், நான் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அந்த அம்மாவின் முகம் எப்படி மாறும் என்று பார்த்துப் பார்த்து ரசித்துக்கொண்டிருந்தேன். தவறுதான். தங்கையிடம் ஒருநாள் அப்படியே சொன்னேன். “தெரியும்க்கா” என்றாள், அவ்வளவுதான்.

ஆனால் அந்த அம்மாவின் கை ஜிப்புக்குப் போன அந்த நொடியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வருத்தம் வரவில்லை. வரும் என்று சிலர் சொன்னார்கள். காத்திருந்து பார்த்தேன், வரவில்லை.